நாக்கை நீட்டச் சொல்லுங்கள்

ஜூன் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழுந்தது. லடாக்கில் பாங்காங் ஏரிக்கரை. என் பெரியம்மா மகன், அதாவது எங்கள் அண்ணன், அவர் பக்கத்தில் அண்ணி, இரண்டு பேர் தலையிலும் கம்பளித் தொப்பி. அண்ணி இரண்டு கைகளையும் காமிராவுக்கு நேராக விரித்துக் காட்டுகிறார். வலது கையில் மூன்று விரல், இடது கையில் இரண்டு, நுனியிலிருந்து நடுக்கணு வரை நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி நீலம். கீழே அண்ணன் மகன் எழுதியிருந்தான்: "அத்தை, அம்மா விரலைப் பாருங்க, என்ன செய்யறது?"

நான் பார்ப்பதற்குள் எட்டுப் பேர் வைத்தியம் சொல்லிவிட்டார்கள். சித்தப்பா பூண்டு தின்னச் சொன்னார். இன்னொருவர் உடனே விமானம் ஏறி வரச் சொன்னார். நான் திருநெல்வேலியில் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷன் மேசையின் தலைமாட்டில் நின்றுகொண்டு ஆட்களின் நிறத்தைப் பார்ப்பதே பிழைப்பு. அண்ணியின் விரலை அரை நிமிடம் பார்த்ததும் அது காத்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. என் கண் போனது அண்ணனிடம். குழுவில் அவரைப் பற்றி யாருமே பேசவில்லை. சிரிக்க முயன்றிருக்கிறார், வாய் லேசாகத் திறந்திருக்கிறது, ஒரு கையைப் பக்கத்திலிருந்த கூடாரக் கம்பத்தில் ஊன்றியிருக்கிறார். உதடு ஒரு மாதிரி சாம்பல் பூத்து இருந்தது.

முதலில் விரலைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் சுலபம். குளிரில் உடம்பு தன் சூட்டைக் காப்பாற்ற விரல், மூக்கு, காது இங்கெல்லாம் போகும் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. நுரையீரலிலிருந்து கிளம்பும்போது ரத்தம் ஆக்சிஜனை நிறையவே ஏற்றிக்கொண்டுதான் கிளம்புகிறது, ஆனால் விரலுக்குள் ஊர்ந்து ஊர்ந்து போவதால் அங்குள்ள திசுக்கள் அதிலிருந்து வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்கின்றன, மிச்சம் நிற்பது கருத்த ரத்தம், அது தோல் வழியே நீலமாகத் தெரிகிறது. சூடு கிடைத்தால் பத்து இருபது நிமிடத்தில் நிறம் திரும்பிவிடும். அண்ணிக்கு இருந்தது இதன் கொஞ்சம் முற்றிய வடிவம். எல்லா விரலும் அல்ல, சில விரல்கள் மட்டும், அதுவும் கோடு கிழித்த மாதிரி ஓர் இடத்தில் நிறம் நின்றுவிடும், முதலில் வெள்ளை வெளேர், அப்புறம் நீலம், சூடு ஏறும்போது சிவந்து சுருசுருவென்று குத்தல். 1862இல் மோரீஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரிலேயே ரேனோ என்று இன்றும் சொல்கிறோம். இளம் வயதுப் பெண்களுக்குத்தான் அதிகம் வரும், பெரும்பாலும் தொந்தரவோடு சரி, ஆபத்து இல்லை.

அண்ணனின் உதடு வேறு கணக்கு. உதடும் வெளியே காற்றில் இருக்கிற உறுப்புதானே, குளிருக்கு அதுவும் நீலம் பூக்கும். நீச்சல் குளத்தில் இரண்டு மணி நேரம் ஊறிவிட்டுப் பல் கிட்டிக்கொண்டு வரும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். அதனால் நீல உதட்டை மட்டும் வைத்துக்கொண்டு குளிரா, ஆக்சிஜன் குறைவா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. தீர்ப்புச் சொல்வது நாக்கு. வாய்க்குள் குளிர் போவதில்லை, அங்கே ரத்த ஓட்டமும் தாராளம். நாக்கும் கீழுதட்டின் உட்புறமும் நீலமாகவோ சாம்பலாகவோ இருந்தால், ரத்தம் நுரையீரலிலிருந்து கிளம்பும்போதே கருப்பாகக் கிளம்புகிறது என்று அர்த்தம். விரல் நீலம், நாக்கு சிவப்பு என்றால் பிரச்சினை விரலோடு. நாக்கே நீலம் என்றால் பிரச்சினை மூச்சோடு, அல்லது இதயத்தோடு.

நம் ஆட்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். பாடப்புத்தகத்தில் வரும் நீல உதடு வெள்ளைக்காரர்களின் உதடு. நம் உதட்டுக்கே ஒரு பழுப்பும் கருப்பும் உண்டு, பீடி சிகரெட் பிடிப்பவர் என்றால் கேட்கவே வேண்டாம். அதில் நீலம் நீலமாக வராது, சாம்பல் தட்டினாற்போல, உயிர்ப்பில்லாமல் இருக்கும், அவ்வளவுதான். அப்போதும் உள்ளுதடு, ஈறு, நாக்கு, கண்ணின் கீழ் இமையைக் கீழே இழுத்தால் தெரியும் சவ்வு, இவைதான் உண்மை பேசும்.

சரி, படத்தை என்ன செய்வது? போன் காமிரா ஒரு பெரிய பொய்யன். விடிகாலை, வெயில் படாத நிழல், தலைக்கு மேல் நீலவானம், எதிரே ஏரி என்றால் எல்லார் முகத்திலும் நீலம்தான் பூசும். போன் அதைத் தன்னிஷ்டத்துக்குத் திருத்தும், சில சமயம் திருத்தாது, அழகு கூட்டும் வசதி போட்டிருந்தால் நீல உதட்டுக்கு ரோஜாப்பூ நிறம்கூடக் கொடுத்துவிடும். நான் இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, படத்தில் வெள்ளையாக இருக்க வேண்டியது எது என்று பார்ப்பது. அண்ணியின் பல், இருவரின் கண் வெள்ளை, பின்னால் இருந்த வெள்ளைக் கூடாரத் துணி. அவை நீலம் தட்டியிருந்தால் வெளிச்சத்தின் வேலை. கூடாரத் துணி கொஞ்சம் நீலமாகத்தான் இருந்தது, ஆனால் அதே வெளிச்சத்தில் நின்ற அண்ணியின் உதடு இளஞ்சிவப்பாக இருக்கிறது, அண்ணன் உதடு மட்டும் மங்கிப்போயிருக்கிறது. இரண்டாவது, குழுவில் மேலே தள்ளிக்கொண்டே போய் வியாழக்கிழமை டில்லி விமான நிலையத்தில் அவர் இட்லி தின்றுகொண்டிருந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அது வேறு மனிதர்.

ஆனால் இதெல்லாம் சந்தேகத்தைக் கிளப்பத்தான் உதவும். நேரில் பார்த்தாலே நாங்கள் ஏமாறுவோம். 1947இல் காம்ரோ, பொட்டேலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் நல்ல உடம்புள்ளவர்களை ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, மருத்துவம் தெரிந்தவர்களை விட்டு நிறம் பார்க்கச் சொன்னார்கள். ரத்தத்தின் ஆக்சிஜன் 80 சதவீதத்தை ஒட்டி இறங்கும்வரை பலரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கண்ணுக்கு நீலம் தெரியும்போது ஏற்கெனவே தாமதம்தான்.

அதனால் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டுப் போனைப் போட்டேன். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, முகாம்காரரின் வைஃபையில்தான் படம் அனுப்பியிருக்கிறார்கள், அழைப்பு இரண்டு முறை அறுந்து மூன்றாவது முறை டிரைவரின் போனில் அண்ணன் மகன் கிடைத்தான்.

"அம்மா விரலை அக்குளுக்குள்ள வச்சுக்கச் சொல்லு, தேய்க்க வேண்டாம், கொதிக்கிற தண்ணி வேண்டாம். இப்ப அப்பாகிட்ட போனைக் குடு."

"ஒண்ணும் இல்ல பாப்பா," என்றார் அண்ணன். அங்கே ஒரு மூச்சு. "ராத்திரி தூக்கம்," இன்னொரு மூச்சு, "சரியில்ல, அவ்வளவுதான்." இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்குகிறார், உட்கார்ந்துகொண்டிருக்கும்போதே. நடுவில் வறட்டு இருமல். மல்லாந்து படுத்தீர்களா என்று கேட்டேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று பையைத் தலைக்கு உயரமாக வைத்து, சுவரில் சாய்ந்தமாதிரி உட்கார்ந்தே ராத்திரியைக் கழித்திருக்கிறார். முந்தின நாள் சாயங்காலமே வண்டியிலிருந்து கூடாரம் வரை நடக்கும்போது மகனைவிட ரொம்பப் பின்தங்கியிருக்கிறார், தூசி இருமல் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவர்களுடைய பயணக் கணக்கைப் பாருங்கள். வியாழக்கிழமை விமானத்தில் நேராக லே நகரம், அது 3,500 மீட்டர். அன்று ஓய்வு என்ற பெயரில் சாயங்காலம் கடைத்தெரு. வெள்ளி, பக்கத்து இடங்கள். சனி, 5,300 மீட்டரைத் தாண்டிய சாங் லா கணவாயைக் கடந்து பாங்காங், அங்கே 4,250 மீட்டர் வாக்கில் இரவுத் தூக்கம். 3,000 மீட்டருக்கு மேலே போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவத்தில் பொதுவான விதி. பாங்காங்கில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் நம் ஊரில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரலின் ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறுகுவதில்லை, இறுகாத இடங்களில் அழுத்தம் எகிறி ரத்தத்தின் நீர் காற்றறைகளுக்குள் கசிகிறது. குளிரும் உடல் உழைப்பும் அந்த அழுத்தத்தை இன்னும் ஏற்றிவிடும். உயரத்துக்குப் போன இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பொதுவாக வரும். ஹேப் என்று சுருக்கமாகச் சொல்வோம், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. திடகாத்திரமான ஆட்களுக்கும் வரும். விட்டால் சில மணி நேரங்களில் ஆளைக் கொண்டுபோய்விடும்.

"வீட்டுல ஆக்சிமீட்டர் இருந்துச்சே, கொண்டு போனீங்களா?" என்று கேட்டேன். கொரோனா காலத்தில் வாங்கியது, பெட்டியில் இருந்தது. இங்கேயும் ஒரு கண்ணி உண்டு. குளிர்ந்த விரலில் ரத்த ஓட்டம் இருக்காது, கருவி எதையோ பிடித்துக்கொண்டு எதையோ காட்டும். அண்ணியின் நீல விரலில் மாட்டியபோது வெறும் கோடுகள்தான் வந்தன. அண்ணனுக்கு முதலில் 52 என்று காட்டியது, உடனே 71, நாடித்துடிப்பு 60 என்றது. கழுத்தில் கைவைத்து எண்ணியதில் நாடி 118. கருவி சொல்லும் நாடியும் கை சொல்லும் நாடியும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஆக்சிஜன் எண்ணை நம்பாதீர்கள். கையைக் கம்பளிக்குள் பத்து நிமிடம் சூடாக்கி மறுபடி மாட்டி, ஒரு நிமிடம் அசையாமல் வைத்துப் பார்க்கச் சொன்னேன். 67இல் நின்றது, நாடி 117.

67 அங்கே மோசமா? கொரோனா காலத்தில் 94க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி என்று மனப்பாடம் செய்தோமே, அந்தக் கணக்கு பாங்காங்கில் செல்லாது, அங்கே நன்றாக இருக்கிறவர்களுக்கே எண்பதுகளில்தான் இருக்கும். அதற்கு ஒரு வழி, அதே கருவியை அதே இடத்தில் கூட இருப்பவர்களுக்கும் மாட்டிப் பார்ப்பது. மகனுக்கு 86. டிரைவருக்கு 89. விரல் சூடானபின் அண்ணிக்கு 84. அண்ணன் மட்டும் கூட்டத்தை விட்டுத் தனியாகக் கீழே கிடக்கிறார். மூச்சை ஒரு நிமிடம் எண்ணச் சொன்னேன், 32. கடைசியாக நாக்கை நீட்டச் சொல்லி, கூடாரத்துக்கு வெளியே, திறந்த வெளிச்சத்தில், அம்மா அப்பா இருவர் நாக்கும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து அனுப்பச் சொன்னேன். அண்ணி நாக்கு சிவப்பு. அண்ணனுடையது ஊதாவும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டதும் பையிலிருந்து ஒரு டப்பாவைக் காட்டினான் மருமகன், வாசனை ஸ்ப்ரே மாதிரி இருக்குமே, அது. அதில் இருப்பது பத்துப் பன்னிரண்டு லிட்டர். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் கொடுத்தால் ஐந்தாறு நிமிடம். கையில் வைத்திருந்தால் மனசுக்குத் தெம்பு, வேறு பயனில்லை. நல்ல வேளையாக முகாமில் நிஜ சிலிண்டர் இருந்தது, முகமூடியும் இருந்தது. நிமிடத்துக்கு நான்கு லிட்டர், சாய்ந்து உட்காரவைத்து, கம்பளி போர்த்தி. பத்து நிமிடத்தில் 67லிருந்து 84க்கு வந்தார். தேறிவிட்டார் என்று எல்லாரும் தேநீர் குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள், இங்கேதான் நான் கத்தினேன். ஆக்சிஜன் நேரம் வாங்கித் தரும். கீழே இறக்குவதுதான் வைத்தியம்.

பாங்காங்கில் கீழே இறங்குவது என்பதிலும் ஒரு வினோதம் இருக்கிறது. லேவுக்குப் போக வேண்டுமானால் முதலில் மேலே ஏற வேண்டும், அதே சாங் லா. நுரையீரலில் நீரோடு, ஆக்சிஜன் இல்லாமல் அந்தக் கணவாயைத் தாண்டுவது தற்கொலைக்குச் சமம். டிரைவர் அந்த ஊர்க்காரர், அவருக்கு இது தெரிந்திருந்தது. முதலில் தாங்ஸே, பாங்காங்கைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு, மருத்துவ நிலையம் இருக்கிறது. அண்ணனை வண்டி வரை நடக்க விடாமல் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள், நடந்தால் அழுத்தம் ஏறும். தாங்ஸேயில் ஆக்சிஜன் தொடர்ந்தது, நுரையீரல் அழுத்தத்தைக் குறைக்க நிஃபெடிபின் கொடுத்தார்கள், நெஞ்சில் குழல் வைத்தால் இரண்டு பக்கமும் கரகரப்பு. அப்புறம் சிலிண்டரோடு கணவாயைத் தாண்டி லே ஆஸ்பத்திரி, இரண்டு நாள் ஆக்சிஜன், பின்பு டில்லி. டில்லியில் இறங்கும்போது 97.

தலைவலி வராமல் இருக்க டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டுதானே போனோம் என்று அண்ணன் பின்னால் ஒரு குறையோடு கேட்டார். அது உடம்பு உயரத்துக்குப் பழகுவதைத் துரிதப்படுத்தும். நுரையீரலில் நீர் கோத்த பிறகு அதை நம்பி உட்கார முடியாது.

இதையே நம் ஊருக்குக் கொண்டுவந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சென்னையில் மே மாதம் ஒருவரின் உதடு நீலமாக இருந்தால் குளிரைச் சாக்குச் சொல்ல முடியாது. ஆஸ்துமாவோ நிமோனியாவோ மாரடைப்போ எதையோ தேடித்தான் ஆக வேண்டும். நாக்கு நீலம், அல்லது பேச மூச்சு வாங்குகிறது, அல்லது ஆள் குழம்பிப் பேசுகிறார், தூங்கி வழிகிறார் என்றால் 108. அந்த நேரத்தில் படம் எடுத்துக் குழுவில் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். சமவெளியில் சூடான விரலில், நிலையாக 90க்குக் கீழே எண் நின்றாலும் அப்படித்தான். நீண்ட நாள் நுரையீரல் நோயாளிகளுக்கு அவர்கள் டாக்டர் சொன்ன எண் வேறாக இருக்கலாம். கைக்குழந்தை என்றால், பிறந்து முதல் ஒன்றிரண்டு நாள் உள்ளங்கையும் பாதமும் நீலமாக இருப்பது சகஜம், நாக்கும் உதடும் நீலமாக இருப்பது சகஜமே அல்ல.

குளிர் நீலத்திலும் ஓடவேண்டிய இடம் உண்டு. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று நாக்குக் குழற ஆரம்பித்தால் அவர் தேறவில்லை, உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரே ஒரு கையோ காலோ திடீரென்று சில்லிட்டு, வலித்து, நிறம் மாறினால் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம், அதற்குச் சில மணி நேரம்தான் அவகாசம். மற்றபடி, புது ஜீன்ஸ் பேண்ட்டின் சாயம் விரலில் ஏறி, ரத்த ஓட்டம் போச்சு என்று ஒரு கல்லூரிப் பையன் என்னிடம் அழுதுகொண்டே வந்ததுண்டு. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்ததும் குணமாகிவிட்டான்.

நீலம் தெரியவில்லையே என்று நிம்மதி அடைய முடியாத கூட்டம் ஒன்று உண்டு, நம் நாட்டில் அது பெரிய கூட்டம், ரத்தசோகைக்காரர்கள். நீலம் என்பது ஆக்சிஜன் ஏற்றாத ஹீமோகுளோபினின் நிறம், அது ஓர் அளவுக்காவது சேர்ந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். 15 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவருக்கு ஆக்சிஜன் 80ஐ ஒட்டி இறங்கும்போதே அந்த அளவு சேர்ந்துவிடும். 9 கிராம் உள்ள பெண்ணுக்கு அறுபதுகளுக்குப் போனால்தான் சேரும். அதுவரை அவர் வெளிறித்தான் இருப்பார். "நிறம் நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் நிறத்தைப் பார்க்காமல் மூச்சை எண்ணுங்கள். இன்னொன்று, கருத்த தோலில் ஆக்சிமீட்டர் சில சமயம் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும், 2020இல் அமெரிக்காவில் வந்த ஆய்வு அதைத் தெளிவாகக் காட்டியது. எண் நன்றாக இருந்து ஆள் மூச்சுத் திணறினால் நான் ஆளைத்தான் நம்புவேன்.

அண்ணி ஊருக்கு வந்தபின் விசாரித்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து மாவுப் பாத்திரத்தை எடுக்கும்போதெல்லாம் இரண்டு விரல் வெளுக்குமாம், கல்லூரி நாளிலிருந்தே, யாரிடமும் சொன்னதில்லை. நாற்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பித்திருந்தாலோ, விரல்நுனியில் புண் வந்திருந்தாலோ, ஒரு கையில் மட்டும் வந்தாலோ தோலை இறுக்கும் நோய்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் இவற்றைத் தேடச் சொல்வோம். அண்ணிக்கு அப்படி ஒன்றும் இல்லை, ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். மாவு எடுக்கக் கையுறை போடுவதைப் பார்த்து அண்ணன் சிரிக்கிறார்.

குழுவில் ஒரு புதுப்பழக்கம் வந்துவிட்டது. யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஒரு நாக்குப் படம் வருகிறது. போன வாரம் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி. அதற்கும் நாக்கை நீட்டிக்கொண்டு, ஜன்னல் ஓரம், நல்ல வெளிச்சத்தில்.